எபிசோட் 31: பேகனுக்கு மயில் தெரிந்தது, கண்ணகி ஏன் தெரியவில்லை?

(பேச்சு வடிவம் சற்றே திருத்தப்பட்டுள்ளது)

இந்த எபிசோடை திண்டுக்கல்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். தைப்பூச சமயம். கீழே ரோட்டுல பழனிக்கு நடந்து போறவங்க போய்க்கிட்டே இருக்காங்க, அந்தச் சத்தம் உள்ள கேட்டா பொறுத்துக்கோங்க.

ஒரு சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி, எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு தெருநாய் கார்ல அடிபட்டுக் கிடந்தது. பின்னங்கால் உடைஞ்சு, வலியில கத்திக்கிட்டிருந்தது. நான் ஒரு போட்டோ எடுத்து டீம் குரூப்ல போட்டேன். ஒரு மணி நேரத்துல 23,000 ரூபாய் சேர்ந்தது. ஆபரேஷன் நடந்தது, நாய் பிழைச்சது, இன்னைக்கும் அங்கதான் சுத்துது. அன்னைக்கு ராத்திரி எனக்கு என்னைப் பத்தி ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

மறுநாள் கேன்டீன்ல ஒரு நண்பன் கேட்டான்: "நம்ம ஃப்ளோர் க்ளீன் பண்ற அக்காவுக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரலையாம், தெரியுமா?" தெரியும். போன மாசமே தெரியும். கான்ட்ராக்ட் ஏஜென்சி இழுத்தடிக்குதுன்னு அவங்களே எங்கிட்ட சொல்லியிருந்தாங்க. நான் "அய்யோ, அப்படியாக்கா"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்துட்டேன். நான் கெட்டவன் என்பதால் இல்லை. எனக்கு உள்ள ஒண்ணுமே ஆகலை. நாய் கத்தினப்போ வயித்துக்குள்ள என்னவோ பண்ணுச்சு. அக்கா சொன்னப்போ பண்ணலை. அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம்தான் இன்னைக்கு விஷயம். நாம நல்லது செய்றதுக்கு அடிப்படை எது? இன்னொருத்தர் வலி நமக்குள்ள ஏற்படுத்துற பரிவா, இல்லை "இது சரி, இது தப்பு" என்று கண்டுபிடிக்கிற அறிவா? பரிவுதான் என்பவர்களை உணர்வுவாதிகள் என்று சொல்லலாம். அறிவுதான் என்பவர்களை அறிவுவாதிகள்னு சொல்றேன். பகுத்தறிவுவாதின்னு சொன்னா நம்ம ஊர்ல உடனே பெரியார் ஞாபகம் வந்துடும். இது வேற சண்டை. கடவுள் உண்டா இல்லையாங்கிறது இதுல கேள்வியே இல்லை.

இந்தச் சண்டையை எடின்பரோவுல ஆரம்பிக்கலாம். ஆனா நான் இங்க இருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பழனியில ஆரம்பிக்கப் போறேன்.

ஸ்கூல்ல கடையெழு வள்ளல்கள் படிச்சிருப்பீங்க. முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்தவர் பேகன். இந்தப் பேகன் ஆவியர் குலத்துத் தலைவர், அவர் நாடு பழனி மலையைச் சுத்தி இருக்கிற பகுதி. அதாவது இன்னைய திண்டுக்கல் மாவட்டம். மழைக்காலத்துல மலைச்சரிவுல ஒரு மயிலைப் பார்க்கிறார். அது குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு, தன் போர்வையை எடுத்துக் கொடுத்துடறார். ரெண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். நம்மில் நிறைய பேருக்குக் கதை இதோட முடிஞ்சுடுது.

இப்போ பேகன் செஞ்சதை ஒரு உணர்வுவாதி எப்படிப் பார்ப்பார்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஹ்யூம், 1739, 1740ல வெளிவந்த தன் பெரிய நூல்ல சொல்ற வாதத்தை எளிமையாச் சொன்னா இப்படி. அறிவு ரெண்டு வேலைதான் செய்யும். ஒண்ணு, எது உண்மைன்னு சொல்லும். ரெண்டு, இதைச் செஞ்சா அது நடக்கும்னு சொல்லும். மயிலோட உடம்பு வெப்பநிலை இவ்வளவு, போர்வை போட்டா இவ்வளவு ஏறும், எல்லாம் சொல்லிடும். ஆனா "அதனால போர்வையைக் கொடு" என்கிற உந்துதல் அந்தத் தகவல்கள் எதுலயும் இல்லை. மயில் நடுங்கினா எனக்கென்ன என்று இருக்கிற ஒருத்தன்கிட்ட எத்தனை தகவல் கொட்டினாலும் அவன் கை போர்வைக்குப் போகாது. கையை நகர்த்துறது ஒரு உணர்ச்சி.

இன்னும் ஒரு படி மேலே போறார். ஒரு கொலையை எடுத்துக்கோங்க, அதை எந்தப் பக்கம் இருந்து வேணும்னாலும் ஆராயுங்க என்கிறார். கத்தி தெரியும், நோக்கம் தெரியும், செத்தவர் தெரிவார். "தப்பு" என்கிற பொருள் மட்டும் அங்க எங்கயும் கிடைக்காது. திரும்பி உங்க நெஞ்சைப் பார்த்தாத்தான் கிடைக்கும், அங்க ஒரு வெறுப்பு இருக்கும்.

சரி, அந்த உணர்ச்சி எப்படி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வருது? இங்க ஹ்யூம் பரிவுன்னு சொல்றது வெறும் இரக்கம் இல்லை, அது ஒரு கடத்தல் முறை. ஒரே அளவு முறுக்கிக் கட்டின தந்திகள்ல ஒண்ணு அதிர்ந்தா மத்ததும் அதிரும் இல்லையா, அந்த உவமையை அவரே சொல்றார். உன் வலி எனக்குள்ள மெல்லிய அதிர்வா வருது. பேகனுக்கு வந்த மாதிரி. நாய் கத்தினப்போ எனக்கு வந்த மாதிரி.

இதுவரைக்கும் கேட்டா உணர்வுவாதம் ரொம்ப சரியாத்தான் இருக்கு. ஆனா பேகன் கதைக்கு ரெண்டாம் பாதி இருக்கு.

புறநானூற்றுல 143லேர்ந்து 147 வரைக்கும் வரிசையா அஞ்சு பாட்டு. அஞ்சும் பேகனுக்குப் பாடினது. ஆனா வழக்கமான புகழ்ச்சி இல்லை. பேகன் தன் மனைவியை விட்டுட்டு வேற ஒரு பெண் பின்னாடி போயிட்டார். பாட்டுகளோட அடிக்குறிப்புகள் அந்த மனைவி பேர் கண்ணகின்னு சொல்லுது. சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவங்க வேற. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நாலு புலவர்கள். பரணர் மட்டும் ரெண்டு பாட்டு. நாலு பேரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறாங்க: அந்த அம்மாகிட்ட திரும்பிப் போ.

யோசிச்சுப் பாருங்க. குளிர்ல நிக்கிற மயிலுக்காக நெஞ்சு உருகின அதே மனுஷன். வீட்டுல ஒருத்தி அழுதுக்கிட்டிருக்கா, அந்த அதிர்வு அவருக்கு வரவே இல்லை. தந்தி அதேதான், முறுக்கும் அதேதான். ஏன் அதிரலை?

அறிவுவாதிகளோட முதல் பதில் இங்கதான் வருது. பரிவு ஒரு டார்ச் லைட் மாதிரி, அது எங்க விழுதோ அங்க மட்டும்தான் வெளிச்சம். கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது, அழகா இருக்கிறது, சத்தம் போடுறது, நமக்குக் குற்ற உணர்ச்சி தராதது, அது மேல சுலபமா விழும். தூரத்துல இருக்கிறவங்க மேல விழாது. நாமளே யாருக்குக் கஷ்டம் கொடுத்தோமோ அவங்க மேல விழவே விழாது, ஏன்னா அந்தப் பக்கம் திரும்பவே நமக்குப் பிடிக்காது. இவ்வளவு கோணலான ஒரு கருவி அறத்துக்கு அடிப்படையா எப்படி இருக்க முடியும்?

இதுக்கு ஒரு சோதனையும் உண்டு. 1995ல பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் செஞ்சது. தீராத நோய் உள்ள ஷெரி என்கிற 10 வயசுப் பெண்ணோட பேட்டியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. பெண் கற்பனைதான், ஆனா கேட்டவங்களுக்கு அது தெரியாது. நோயுற்ற குழந்தைகளுக்கு உதவுற ஒரு அமைப்போட காத்திருப்புப் பட்டியல்ல ஷெரி பின்னாடி இருக்கா, முன்னாடி இருக்கிற குழந்தைகளுக்குத் தேவை இன்னும் அவசரம். நீங்க விரும்பினா ஷெரியை முன்னாடி தள்ளலாம்னு சொன்னாங்க. விலகி நின்னு கேளுங்கன்னு சொல்லப்பட்டவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தர் அவளை முன்னாடி தள்ளினாங்க. அவ மனசுல என்ன ஓடுதுன்னு கற்பனை பண்ணிக்கிட்டே கேளுங்கன்னு சொல்லப்பட்டவங்கள்ல சுமார் நாலுல மூணு பேர் தள்ளினாங்க. முகம் தெரியாத அந்த மத்தக் குழந்தைகள் பின்னுக்குப் போனாங்க. பரிவு கூடினப்போ நியாயம் குறைஞ்சது.

ஹ்யூமுக்கு இந்தப் பிரச்சினை தெரியாதான்னு கேட்டா, நல்லாவே தெரியும். அவர் ஒரு உதாரணம் சொல்றார். என் வீட்டு வேலைக்காரர் ரொம்ப விசுவாசமானவர், அவர் மேல எனக்கு இருக்கிற பாசம் எப்பவோ வாழ்ந்த ரோமானிய புரூட்டஸ் மேல இருக்காது. ஆனா அதுக்காக புரூட்டஸை விட இவர் குணத்தாலே உயர்ந்தவர்னு நான் சொல்ல மாட்டேன். ஏன்? நாம ஒருத்தரை மதிப்பிடும்போது நம்ம இடத்தை விட்டு நகர்ந்து, அவரோட நேரடியாப் பழகுறவங்க இடத்துல இருந்து பார்க்கிறோம். அதை அவர் பொதுப் பார்வைன்னு சொல்றார். தூரத்துல இருக்கிற மரம் சின்னதாத் தெரியும், ஆனா சின்ன மரம்னு நாம சொல்றதில்லையே, அந்த மாதிரி. ஆக, அறம்ங்கிறது அப்படியே கிடைக்கிற பரிவு இல்லை, திருத்தப்பட்ட பரிவு.

ஹ்யூமோட நண்பர் ஆடம் ஸ்மித் 1759ல வந்த நூல்ல இதை இன்னும் விரிவாக்கறார். பொருளாதாரத்துக்காக நாம அறியற அதே ஸ்மித்துதான். நமக்குள்ள பாரபட்சம் இல்லாத ஒரு பார்வையாளர் இருக்கார், அவர் கண்ணால நம்மை நாமே பார்க்கிறோம் என்கிறார்.

அறிவுவாதி இங்க சிரிப்பார். "சரிப்பா, பரிவைத் திருத்தணும்னு ஒத்துக்கிட்டே. திருத்தச் சொல்றது யார்? பேகனைப் பார்த்து, மயிலுக்கு ஒரு நியாயம் மனைவிக்கு ஒரு நியாயமான்னு கேட்கிறது எது? அது பரிவு இல்லையே. ஒரே மாதிரியான ரெண்டு விஷயத்தை ஒரே மாதிரி நடத்தணும்னு கேட்கிறது அறிவோட வேலை. பின்கதவு வழியா என்னைத்தான் உள்ளே கூட்டிட்டு வர்றே."

அறிவுவாதிகளோட ரெண்டாவது பதில் ஜெர்மனியில இருந்து. இம்மானுவேல் கான்ட், 1785. அவர் ஒரு நல்ல மனுஷனைக் கற்பனை பண்ணச் சொல்றார். பிறவியிலேயே இரக்கம் உள்ளவர், அடுத்தவங்க சந்தோஷத்துல இவருக்கு சந்தோஷம். உதவி பண்ணிக்கிட்டே இருக்கார். பாராட்டலாம், ஊக்கப்படுத்தலாம், ஆனா அதுக்குத் தனியா அற மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். கேட்டவுடனே நமக்குக் கோவம் வருது இல்ல? ஆனா அடுத்து அவர் செய்றதைப் பாருங்க. அதே மனுஷனுக்கு ஒரு பெரிய துக்கம் வருது. மனசு இருண்டு போகுது. யாரோட கஷ்டமும் அவரைத் தொடலை. அந்த நிலைமையிலயும், உணர்ச்சி துளியும் இல்லாம, உதவறது கடமைன்னு எழுந்து போய் உதவறார். இப்போதான் அந்தச் செயலுக்கு உண்மையான அற மதிப்பு என்கிறார்.

கான்ட் கண்ணாடியில பேகனைப் பார்த்தா விஷயம் தெளிவாகுது. மயில் விஷயத்துல பேகன் ஒண்ணும் கஷ்டப்படலை, உணர்ச்சி வந்தது, கை போச்சு. கண்ணகி விஷயம்தான் பரீட்சை. அங்க உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாத இடத்துலயும் வேலை செய்ற ஒண்ணு அவர்கிட்ட இருந்திருக்கணும். இல்லை.

சரி. இப்போ அந்த நாலு புலவர்களும் என்ன செஞ்சாங்கன்னு பார்ப்போம். எனக்கு இதுதான் முக்கியமான இடம். ஏன்னா அவங்க முன்னாடி இருந்தது ஒரு நடைமுறைப் பிரச்சினை. ஒரு மனுஷனுக்கு வராத பரிவை எப்படி வர வைக்கிறது? உணர்வுவாதம் சரின்னா ஒரு வழி வேலை செய்யணும், அறிவுவாதம் சரின்னா இன்னொரு வழி.

கபிலர் வாதமே பண்றதில்லை. உன் மலையைப் பாடிக்கிட்டு நேத்து வாசல்ல நின்னோம், ஒரு பெண் கண்ணீரை அடக்க முடியாம, நெஞ்சு நனைய, குழல் ஊதுற மாதிரி விம்மி அழுதா, அவ யாருப்பான்னு கேட்கிறார். யாருன்னு கபிலருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா "உன் மனைவி"ன்னு சொன்னா பேகன் காதை மூடிக்குவார். யாரோ ஒருத்தி அழுதான்னு சொன்னா அந்தச் சத்தம் முதல்ல உள்ளே போயிடும். மயில் உள்ளே போன மாதிரி. இது அப்பட்டமான ஹ்யூம் வழி. டார்ச்சைத் திருப்பி விடறது.

பரணர் 145வது பாட்டுல வேற வழி எடுக்கிறார். மயில் குளிரும்னு போர்வை கொடுத்தவனேன்னு கூப்பிடுறார். எங்களுக்குப் பசி இல்லை, காப்பாத்த வேண்டிய சுற்றமும் இல்லை, நாங்க கேட்கிற பரிசு ஒண்ணுதான், இன்னைக்குத் தேர் ஏறிப் போய் அவ துயரத்தைத் தீர்த்து வை. மயிலையும் மனைவியையும் ஒரே பாட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டார். இது பொருத்தம் பார்க்கிற வாதம். அங்க செஞ்சதை இங்க ஏன் செய்யலை என்கிற கேள்வி. அறிவுவாதியோட ஆயுதம்.

ஆனா அந்தப் பாட்டுல ரெண்டு சொல்லைக் கவனிங்க. பேகனை அருளை விரும்புறவனேன்னு கூப்பிட்டுட்டு, அறம் செய்னு கேட்கிறார். அருள் ஏற்கனவே உன்கிட்ட இருக்கு, அறம் இன்னும் பாக்கி இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னா இந்த வேண்டுகோளுக்கே அர்த்தம் இல்லை. அதே சமயம், கல்நெஞ்சக்காரன்கிட்ட போய் அறம் செய்னு பரணர் கேட்கலை. அருள் உள்ளவன்கிட்டதான் கேட்கிறார். கேட்டா பலிக்கும்னு ஒரு நம்பிக்கை.

பேகன் திரும்பிப் போனாரா? அந்த அஞ்சு பாட்டுக்குள்ள அதுக்குப் பதில் இல்லை.

நான் எங்க நிக்கிறேன்னு சொல்லிடறேன். அறிவுவாதிகள் ஒரு விஷயத்துல ஜெயிச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன். எது சரின்னு சொல்ற வேலையைப் பரிவுகிட்ட தனியா விட முடியாது. அது மயிலைக் காட்டி மனைவியை மறைக்கும். இன்னும் சொன்னா மயில் விஷயத்துலயே அது தகவல் பிழை பண்ணியிருக்கலாம். மழை வர்றப்போ மயில் அகவும், தோகையை விரிச்சு சிலிர்த்து ஆடும், அது குளிரா இருக்கணும்னு அவசியம் இல்லை. இதுல ஹ்யூமும் மறுக்க மாட்டார், தகவலைத் திருத்துறது அறிவோட வேலைன்னு அவரே சொல்றார்.

ஆனா கான்ட்டோட இரண்டாவது மனுஷன் எனக்கு முழுசா ஒட்டலை. பரிவே துளிகூட அறியாத ஒருத்தருக்கு, "அங்க செஞ்சே, இங்க ஏன் செய்யலை"ங்கிற கேள்வி ஏன் உறைக்கணும்? ரெண்டையும் செய்யாம விட்டாலும் கணக்கு சரியாத்தானே வரும்! மயிலுக்கும் போர்வை இல்லை, மனைவிக்கும் இரக்கம் இல்லை. முரண்பாடே கிடையாது. அந்த முரண்பாட்டைக் கீழ்நோக்கித் தீர்க்காம மேல்நோக்கித் தீர்க்கணும்னு நமக்குத் தோணுது பாருங்க, அதைச் சொல்றது எது? இதுக்கு கான்ட் பக்கம் பதில் உண்டு. மனுஷங்களை வெறும் கருவியா நடத்தக்கூடாதுன்னு அறிவே சொல்லும், அதனால கீழ்நோக்கித் தீர்க்க அறிவே விடாது என்பாங்க. அந்தப் பதிலை நான் பல தடவை படிச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும், ஒரு மனுஷனை மனுஷனாப் பார்க்கிற அந்த முதல் பார்வையிலயே கொஞ்சம் பரிவு கலந்திருக்கோன்னு சந்தேகம் வருது.

திருக்குறள்ல கண்ணோட்டம்னு ஒரு அதிகாரம் இருக்கு. அதுல 578வது குறளோட கருத்து, செய்ய வேண்டிய கடமை கெடாம கண்ணோட்டம் காட்டத் தெரிஞ்சவங்களுக்கு இந்த உலகமே உரியது என்பது. கடமையும் இளக்கமும் மோதும்னு தெரிஞ்சவர் எழுதினது அது.

சரி, அக்கா கதையை முடிக்கிறேன். நண்பன் கேட்ட கேள்வி பரணர் கேள்விதான்: "நாய்க்கு ஒரு மணி நேரத்துல 23,000 சேர்த்தியே?" எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அது பரிவு இல்லை, அக்காவை நினைச்சு அப்பவும் ஒண்ணும் உருகலை. வெட்கம், அவ்வளவுதான். அந்த வெட்கத்துல நாலு பேர் சேர்ந்து ஹெச்ஆருக்கு ஒரு மெயில் எழுதினோம். எந்த மாசச் சம்பளம், எத்தனை பேருக்கு, எவ்வளவு பாக்கி. எழுதறதுக்காக அக்காகிட்ட போய் உட்கார்ந்து விவரம் கேட்டேன். பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு வாங்கின கடனுக்கு வட்டி ஏறிக்கிட்டிருக்குன்னு அப்போதான் சொன்னாங்க. அப்போதான் வயித்துக்குள்ள அந்த நாய்க்கு வந்த அதே உணர்ச்சி வந்தது.

வரிசையைப் பாருங்க. எனக்கு முதல்ல வாதம் வந்தது, அப்புறம் வேலை வந்தது, பரிவு கடைசியிலதான் வந்தது. ஒரு மாசம் லேட்டா. மூணு வாரத்துல சம்பளம் வந்துடுச்சு, ஆனா அந்த வட்டியை அக்காதான் கட்டினாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கபிலர் பண்ணது சரியா, அழுற ஒருத்தரைக் காட்டி ஒருத்தர் மனசை மாத்துறது நியாயமா, இல்லை அது ஒரு தந்திரமா? உங்க கருத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள.